சவ்வூடு பரவலும் தானே வரும் அறிவும்: ஓர் அறிவியற் கலைச்சொல்லின் உருவகப் பயணம்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ஒருவர் தாம் முயன்று படிக்காத ஒன்றை அறிந்திருக்கும்போது, அதனை 'ஆஸ்மோசிஸ்' வழியாகக் கற்றதாகச் சொல்வதுண்டு. இசைக் குடும்பத்தில் பிறந்து இராகங்களை இனங்காணத் தெரிந்தவரும், அச்சகத்தில் எடுபிடியாக இருந்து பிழைதிருத்தம் கற்றவரும் இவ்வாறு கூறக்கூடும். உயிரியலில் ஆஸ்மோசிஸ் என்பதற்குத் தமிழகப் பாடநூல்கள் 'சவ்வூடு பரவல்' என்னும் சொல்லை வழங்குகின்றன. ஆயினும், 'இதனைச் சவ்வூடு பரவல் மூலம் கற்றேன்' என மொழிபெயர்த்தால் தமிழ் வாசகருக்கு அது விளங்குவதில்லை. விளங்கினாலும் நகைப்புக்கு இடமாகிறது. கலைச்சொல் சரியாக இருந்தும் தொடர் பிழைபடுவது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடை காண, உயிரியலில் அச்சொல் எதனைக் குறிக்கிறது, உருவகம் அதிலிருந்து எவற்றை எடுத்துக்கொண்டு எவற்றை விடுத்தது, ஆங்கிலத்திற்கு இவ்வுருவகம் தேவைப்பட்ட இலக்கணச் சூழல் யாது என்பவற்றை முறையே காண்போம்.

2. சொல்லின் பிறப்பு

நிகழ்வு முதலிலும் பெயர் பின்னரும் வந்தன. 1748இல் பிரெஞ்சு அறிஞர் நொல்லே, சாராயம் நிரம்பிய சிறு கலத்தின் வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டி நீரில் மூழ்கவைத்தார். சில மணி நேரத்தில் தோல் வெளிப்புறமாகப் புடைத்தது. வெளியிலிருந்த நீர் உட்புகுந்திருந்தது. ஆனால் சாராயம் அதே அளவில் வெளியேறவில்லை. இந்நிகழ்வுக்கு அவர் தனிப்பெயர் எதுவும் இடவில்லை.

பெயரிட்டவர் தூத்ரொஷே என்னும் பிரெஞ்சு உடலியலறிஞர். 1826ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்த ஆய்வுகளில் சவ்வின் இருபுறமும் இரு ஓட்டங்கள் ஒருங்கே நிகழ்வதாகக் கண்டார். வலிமை மிக்க உள்ளோட்டத்தை 'எண்டோஸ்மோஸ்' என்றும், வலிமை குன்றிய வெளியோட்டத்தை 'எக்ஸோஸ்மோஸ்' என்றும் அழைத்தார். இச்சொற்களின் அடி 'தள்ளுதல், உந்துதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். மணத்தைக் குறிக்கும் மற்றொரு கிரேக்கச் சொல்லும் ஒலியில் இதனை ஒத்திருப்பதால் மயக்கம் நேர்வதுண்டு. ஆஸ்மியம் என்னும் தனிமத்தின் பெயர் மணத்தைக் குறிக்கும் அச்சொல்லிலிருந்து வந்தது. ஆஸ்மோசிசுக்கும் அதற்கும் உறவில்லை.

1854இல் தாமஸ் கிரகாம் முன்னொட்டுகளை நீக்கி 'ஆஸ்மோஸ்' என்னும் பொதுச்சொல்லை ஆண்டார். பின்னர் அது 'ஆஸ்மோசிஸ்' என்னும் ஈறு பெற்று ஆங்கிலத்தில் நிலைத்தது. முன்னொட்டுகள் நீங்கியதைச் சொற்சுருக்கம் என்று மட்டும் கொள்ளலாகாது. விலங்குச் சவ்வுகள் கரைபொருளையும் ஓரளவு கசியவிட்டமையால்தான் தூத்ரொஷே இரு ஓட்டங்களைக் கண்டார். 1867இல் டிரவுபே செயற்கைச் சவ்வுகளை ஆக்கினார். 1877இல் பெஃபர் அத்தகைய சவ்வை நுண்துளை மண்கலத்தின் சுவரில் படியச் செய்து, சர்க்கரையைத் தடுத்து நீரை மட்டும் விடும் கருவியை அமைத்தார். அதன்பின் 'கரைப்பானின் நகர்வு' என்பதே சொல்லின் வரையறையாயிற்று. சவ்வு செம்மைப்பட்டபோது சொல்லின் பொருளும் குறுகிற்று எனலாம்.

3. உயிரியற் பொருள்

இன்றைய வரையறையில் மூன்று கூறுகள் இன்றியமையாதன. முதலாவது, கரைப்பானை விட்டுக் கரைபொருளைத் தடுக்கும் சவ்வு. இரண்டாவது, அதன் இருபுறமும் கரைபொருட் செறிவில் வேறுபாடு. மூன்றாவது, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கி நிகழும் கரைப்பானின் நிகர நகர்வு. உயிரணுக்களில் அக்கரைப்பான் நீரே. 'நிகர' என்னும் அடை முக்கியமானது. நீர் மூலக்கூறுகள் இருதிசையிலும் ஓயாது கடக்கின்றன. ஒரு திசையில் கடப்பவை மிகும்போது எஞ்சும் வேறுபாட்டையே நாம் சவ்வூடு பரவல் என்கிறோம்.

குருதிச் சிவப்பணுவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 100 மில்லிலிட்டர் நீரில் 0.9 கிராம் உப்புக் கரைந்த கரைசலில் சிவப்பணு தன் வடிவம் மாறாதிருக்கும். நீர் அங்கும் உள்ளும் புறமும் கடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் வரவும் செலவும் சமம். அதே அணுவைத் தூய நீரில் இட்டால் நீர் உட்புகுந்து அணு பருத்து வெடிக்கும். 3 விழுக்காட்டு உப்புக் கரைசலில் இட்டால் நீர் வெளியேறி அணு சுருங்கும். மூன்று நிலையிலும் அணு ஆற்றல் எதனையும் இதற்கெனச் செலவிடுவதில்லை.

ஆயினும் இந்நகர்வு முடிவின்றித் தொடர்வதன்று. பெஃபரின் கலத்தில் 1 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசலை இட்டபோது, நீர் புகப்புக உள்ளே அழுத்தம் ஏறி, சுமார் 0.7 வளிமண்டல அளவில் நகர்வு நின்றது. அது ஏறக்குறைய 7 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தமாகும். தாவர அணுவிற்கு உறுதியான சுவர் உண்டு; ஆகவே அது நீரில் வெடிப்பதில்லை. சுவரின் எதிரழுத்தம் ஓர் எல்லையில் நீரைத் தடுத்து நிறுத்துகிறது.

4. உருவகம் கொண்டனவும் விட்டனவும்

இவ்வரையறையை 'ஆஸ்மோசிஸ் வழிக் கற்றல்' என்னும் தொடரோடு பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் வெளிப்படுகிறது. அறிவு என்பது கரைபொருள் என்று கொண்டால், சவ்வு தடுப்பது அதனைத்தான். எனவே அறிவு கற்பவரை வந்தடையவே இயலாது. அறிவு நீர் என்று கொண்டால், நீர் செல்வது செறிவு மிகுந்த பக்கத்திற்கு. கற்பவர் பக்கம் செறிவு மிகுந்திருத்தல் வேண்டும் என்றாகிறது. ஆனால் உருவகமோ அவரை வெறுமையாளராகவே கருதுகிறது. எவ்வழி நோக்கினும் வரையறை பொருந்தவில்லை.

அறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் செல்வதைக் காட்ட 'டிஃப்யூஷன்', அதாவது விரவல், என்னும் சொல்லே இயற்பியலளவில் ஏற்றது. நறுமணம் அறை முழுதும் விரவுவது அதற்கு எளிய சான்று. அங்ஙனமாயின் ஆங்கிலம் அதனை ஏன் தெரிந்தெடுக்கவில்லை?

அச்சொல் அறிவுத்துறையில் ஏற்கெனவே வேறொரு பணிக்கு அமர்த்தப்பட்டிருந்தது என்பது முதற்காரணம். 1826இல் இலண்டனில் பயன்படு அறிவைப் பரப்பும் கழகம் நிறுவப்பட்டபோது அதன் பெயரில் இடம்பெற்ற சொல் 'டிஃப்யூஷன்' என்பதே. தூத்ரொஷே தம் சொல்லைப் படைத்த காலமும் அதுவே. அச்சொல் அறிவைத் தருபவரின் நோக்கில் அமைந்தது. பரப்புபவர் உண்டு, பரவும் பொருள் உண்டு, பெறுபவரோ முகமற்ற கூட்டம். ஆஸ்மோசிசில் சவ்வு இருப்பதால் 'உள்' என்றும் 'புறம்' என்றும் இரு புலங்கள் பிரிகின்றன. உள் என்னும் அப்புலமே கற்பவரின் அகம். உருவகத்திற்குத் தேவைப்பட்டது பெறுபவரின் நோக்கு. அதனை அளித்தது சவ்வு.

இரண்டாவதாக, உருவகம் எடுத்துக்கொண்ட பண்புகள் மூன்று: முயற்சியின்மை, கண்ணுக்குப் புலப்படாமை, அண்மையே போதுமானதாயிருத்தல். இம்மூன்றும் பள்ளி ஆய்வகத்தில் உலர்திராட்சை நீரில் பருப்பதைப் பார்த்த மாணவர் மனத்தில் நிற்பவை. செறிவின் திசையும், கரைபொருள் தடுக்கப்படுவதும், எதிரழுத்தம் என்னும் எல்லையும் அவர் நினைவில் தங்குவதில்லை. உருவகம் பிறப்பது அறிவியலாளரின் வரையறையிலிருந்து அன்று. பொதுமக்கள் நினைவில் எஞ்சிய சித்திரத்திலிருந்தே என்பதற்கு இது தக்க சான்று.

பிரெஞ்சு வழக்கு இதனினும் வேறானது. அங்கு இருவர் அல்லது இரு குழுவினர் 'ஆஸ்மோசில்' இருப்பதாகச் சொன்னால், அவர்கள் ஒருவரோடொருவர் ஒன்றிக் கலந்திருப்பதாகவே பொருள்படும். பெர்க்சன் 1889இல் வெளியான நூலில், காலநீட்சிக்கும் வெளிக்கும் இடையிலான பரிமாற்றத்தை 'எண்டோஸ்மோஸ்' என்னும் சொல்லால் விளக்கினார். இவ்வழக்குகள் ஒருவழி ஓட்டத்தை அல்லாமல் இருவழிப் பரிமாற்றத்தையே உணர்த்துகின்றன. இவ்வகையில் தூத்ரொஷேயின் இரட்டை ஓட்டக் கருத்தோடு ஒத்துள்ளன. ஆகவே பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்போர் ஆங்கிலப் பொருளை அதன்மேல் ஏற்றிவிடலாகாது. 'ஆசிரியரும் மாணவரும் ஆஸ்மோசில் இருந்தனர்' என்பது மாணவர் தாமாகவே கற்றுக்கொண்டனர் என்பதன்று. இருவரும் ஓருணர்வினராய் இருந்தனர் என்பதே.

5. அத்தகைய கற்றல் உண்டா?

உருவகம் குறிக்கும் நிகழ்வு உண்மையானதா என்பது உளவியலாருக்கு உரிய வினா. 1967இல் ஆர்தர் ரீபர் ஒரு சோதனை நடத்தினார். மறைவான சில விதிகளின்படி ஆக்கப்பட்ட எழுத்துத் தொடர்களைச் சிலர் மனனம் செய்தனர். விதிகள் இருப்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பின்னர்ப் புதிய தொடர்களைக் காட்டியபோது, விதிக்கு உட்பட்டவற்றையும் மீறியவற்றையும் தற்செயலால் நேரக்கூடியதை விட மிகுதியாகப் பிரித்தறிந்தனர். எவ்வாறு அறிந்தீர் என்றால் விதிகளைச் சொல்ல அவர்களால் இயலவில்லை. இதனை அவர் உள்ளுறை கற்றல் என அழைத்தார். எனினும் அவர்கள் அத்தொடர்களை மனனம் செய்தனர் என்பதை மறத்தலாகாது. விதி உணரப்படவில்லையே அன்றித் தொடர்கள் கவனிக்கப்பட்டன.

1983இல் ரிச்சர்ட் ஷ்மிட் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. வெஸ் என்னும் புனைபெயரில் அவர் குறிப்பிடும் ஜப்பானிய ஓவியர் ஹவாயில் ஆங்கிலம் பேசுவோரிடையே வாழ்ந்தார். பழகுவதில் ஆர்வம் மிக்கவர். தொழிலும் நட்பும் ஆங்கிலத்திலேயே நடந்தன. சவ்வூடு பரவல் போல மொழி வந்துசேருமாயின் அவருக்கு வந்திருக்க வேண்டும். உரையாடும் திறன் அவரிடம் நன்கு வளர்ந்தது. வேண்டுகோள் விடுப்பதும் பேச்சைத் தொடர்வதும் கைவந்தன. ஆனால் இறந்தகால விகுதி, பன்மை விகுதி போன்ற இலக்கணக் கூறுகளில் ஆண்டுகள் கழிந்தும் முன்னேற்றம் மிகக் குறைவு. 1990இல் ஷ்மிட், கற்பவர் கவனித்த கூறே கற்றலாக மாறும் என்னும் கருதுகோளை முன்வைத்தார்.

உருவகம் மறந்துவிட்ட சவ்வு இங்குத் திரும்பி வருகிறது. சூழல் அளிப்பன எல்லாம் உட்புகுவதில்லை. சிலவற்றை விட்டுச் சிலவற்றைத் தடுக்கும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லை கவனம். பொதுவழக்கில் வரையறைக்கு முரணாக இருந்த உருவகம், இவ்வொரு கூற்றில் வரையறையை நெருங்குகிறது.

6. தமிழாக்கம்

தமிழகத்தின் 'சவ்வூடு பரவல்' தன் பொருளைத் தானே விரித்துரைக்கும் தொகை. மலையாளத்தின் 'விருதி வியாபனம்' என்பதும் இதே அமைப்பினது. இந்தியின் 'பராசரண்' சவ்வைக் குறிப்பிடாமல் நகர்வை மட்டும் சுட்டுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'பிரசாரணம்' என வழங்குகின்றன. கலைச்சொல் என்னும் நிலையில் இவற்றுள் குறையேதும் இல்லை. உருவகமாக்கும்போதுதான் இடர் எழுகிறது. பேச்சுத் தமிழில் 'சவ்வு' ஏற்கெனவே உருவகமாகி, முடிவின்றி இழுபடும் பேச்சையும் கதையையும் குறிக்கிறது. 'பரவல்' என்பதற்கு எழுவாயாவது பரவும் பொருளேயன்றிப் பெறுபவர் அல்லர். 'பிரசாரணத்தால் கற்றேன்' என்றால் 'பிரசாரம்' என்னும் சொல் செவியில் குறுக்கிடும். ஆங்கிலச் சொல் உருவகமாக முடிந்ததற்குக் காரணம், அதன் உறுப்புகளின் பொருள் பேசுவோருக்குத் தெரியாமையே எனலாம். தமிழ்ச் சொல்லின் தெளிவு இங்கு அதற்கே தடையாகிறது.

ஆங்கிலத்திற்கு இவ்வுருவகம் தேவைப்பட்டதற்கு இலக்கணக் காரணமும் உண்டு. அம்மொழியில் கற்றல் வினை, கற்பவரை வினைமுதலாக எழுவாயில் நிறுத்துகிறது. 'நான் கற்றேன்' என்று தொடங்கியவர், 'ஆனால் நான் ஏதும் செய்யவில்லை' என்பதை வினையடை ஒன்றால் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வினையடையே 'பை ஆஸ்மோசிஸ்'. தமிழிலோ இப்பணியை வேற்றுமையே செய்துவிடுகிறது. 'எனக்கு நீச்சல் வரும்', 'அவருக்குத் தெலுங்கு பேச வரும்' என்னும் தொடர்களில் அறிவு எழுவாய். அறிந்தவர் நான்காம் வேற்றுமையில் நின்று அதனைப் பெறுகிறார். 'வந்துவிட்டது' எனத் துணைவினை சேர்ந்தால், வேண்டாமலே நிகழ்ந்து முடிந்தது என்னும் குறிப்பும் கிடைக்கிறது.

சொல்லளவிலும் இணை உண்டு. 'படித்தது' என்பதில் முயற்சி உண்டு. 'மனத்தில் படிந்தது' என்பதில் இல்லை. இரண்டும் ஒரே வேரினவா என்பது வேறு வினா. இன்றைய பேச்சாளர் காதுக்கு அவை இணையாகவே ஒலிக்கின்றன. இவற்றினும் நெருங்கியது 'ஊறுதல்'. 'அவர் இசையில் ஊறியவர்' என்பதில் பெறுபவர் எழுவாய். சூழல் ஏழாம் வேற்றுமை. நீரில் கடலை ஊறுவதும் கிணற்றில் நீர் ஊறுவதும் ஒரே வினையால் சுட்டப்படுவதால், உட்புகுதலும் வெளிவருதலும் அதனுள் அடங்குகின்றன. ஊறுகாய் உண்மையிலேயே சவ்வூடு பரவலின் விளைவு. நறுக்கிய மாங்காயில் உப்பிட்டதும் அணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. அணுக்கள் இறந்து சவ்வுகள் செயலிழந்த பின்னரே உப்பு தாராளமாக உட்புகுகிறது. முன்னது சவ்வூடு பரவல், பின்னது விரவல். தமிழ் இரண்டையும் 'ஊறுதல்' என்னும் ஒரு வினையில் அடக்கிவிட்டது. ஆனால் இவ்வினை நெடுங்காலத் தோய்வைக் குறிப்பது. போகிறபோக்கில் அறிந்துகொண்ட ஒன்றிற்கு இது மிகையாகும்.

மரபுச் சொற்களுள் 'கேள்வி ஞானம்' முதலில் நினைவுக்கு வரும். எனினும் அது செவிகொடுத்துக் கேட்டலை வேண்டுவது, முயற்சியின்மையைக் குறிப்பதன்று. திருக்குறளில் கல்வி அதிகாரத்தில் வரும் மணற்கேணி உவமையும் தோண்டும் அளவிற்கே நீர் ஊறும் என்று முயற்சியை வலியுறுத்துகிறது. சிற்றினம் சேராமை அதிகாரத்தில் நிலத்தின் இயல்பால் நீர் திரிவதுபோல இனத்தின் இயல்பால் அறிவு அமையும் என்னும் உவமையே நம் பொருளுக்கு அணுக்கமானது.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடங்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் தொடர் வெறும் செய்தி கூறுகிறது: அச்சகத்தில் பணியாற்றிய ஒருவர் பிழைதிருத்தத்தை ஆஸ்மோசிஸ் வழிக் கற்றார் என்பது போன்றது. இங்கு 'அச்சகத்தில் இருந்து பழகியதில் பிழைதிருத்தம் அவருக்குத் தானாக வந்துவிட்டது' என்றால் போதும், உருவகம் தேவையில்லை. மதிப்புணர்வோடு சொல்ல வேண்டின் 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்னும் பழமொழி உண்டு. ஆனால் அது பெற்றவரை நாராகத் தாழ்த்துவதால், ஒருவர் தம்மைக் குறித்துப் பணிவாகச் சொல்லும் இடத்திற்கே பொருந்தும். பிறரைக் குறித்துச் சொன்னால் இழிவாகலாம்.

இரண்டாம் வகை எள்ளல். படிக்காத மாணவனை நோக்கி, இயற்கணிதம் ஆஸ்மோசிஸ் வழியாக வரும் என்று எண்ணினாயோ என ஆசிரியர் கேட்பது இவ்வகை. 'புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் கணக்கு வந்துவிடுமா?' என்பது தமிழில் இயல்பான வினா. எள்ளல் மென்மையாக இருப்பின் 'கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்' என்பதை ஆளலாம். அண்மை மட்டுமே கல்வியாகும் என்னும் கருத்தை நகைச்சுவையோடு அது தாங்கியுள்ளது.

மூன்றாம் வகையில் ஆசிரியர் உருவகத்தை விரித்துச் செல்கிறார்: சவ்வு, அழுத்தம், செறிவு என்னும் சொற்கள் பின்தொடர்கின்றன. இங்கு உருவகத்தைக் கைவிட்டால் அடுத்துவரும் தொடர்கள் வேரற்றுப் போகும். எனவே 'சவ்வூடு பரவல்' என்னும் சொல்லையே கையாண்டு, முதல் வருகையில் 'சவ்வைக் கடந்து நீர் கசிந்து புகுவதுபோல' என விரித்துக் காட்டுவது தக்கது. எவ்வகையைச் சார்ந்தது என்பதை அறிய, அடுத்த இரு தொடர்களைப் படித்துப் பார்ப்பதே எளிய வழி. அவற்றில் அறிவியற் சொல் ஒன்றேனும் இல்லையெனில் அது முதலிரு வகைகளுள் அடங்கும்.

7. முடிவுரை

ஆஸ்மோசிஸ் என்னும் சொல் அறிவியலில் நீரின் நிகர நகர்வைக் குறிக்க, பொதுவழக்கில் அறிவின் வரவைக் குறிக்கிறது. உருவகம் வரையறைக்கு எதிர்த்திசையில் இயங்கினும், பெறுபவரின் அகத்தை வரையும் எல்லையையும் முயற்சியின்மையையும் அளித்தமையால் ஆங்கிலத்தில் வேரூன்றியது. பிரெஞ்சில் அதே சொல் இருவழிக் கலப்பைக் குறிக்கிறது. தமிழில் நான்காம் வேற்றுமைத் தொடர்களும் 'படிதல்', 'ஊறுதல்' முதலிய வினைகளும் இக்கருத்தை உருவகமின்றியே உணர்த்தவல்லன. ஆதலின், கலைச்சொல்லுக்கு நிகரான கலைச்சொல் அகராதியில் கிடைத்துவிட்டது என்பதனால் உருவகத்திற்கும் அதுவே நிகரனாகும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இருமொழி அகராதிகள் இச்சொல்லுக்கு 'சவ்வூடு பரவல்' என்பதை முதற்பொருளாகவும், 'பழக்கத்தால் தானே வருதல், ஊறுதல்' என்பவற்றை வழக்குப் பொருளாகவும் பிரித்துத் தருதல் மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன் தரும்.